மெஷின் கழுவிய அரிசி

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் தங்கம் அக்கா எங்கள் மீன் மசாலாவை மூட்டையோடு திருப்பிக் கொடுத்த அன்று, எனக்கு ஜெபம் செய்ய வரவில்லை. ஜெபக்கூட்டங்களில் நீளமாக ஜெபிக்கிறவன் என்று எனக்குப் பெயர். நான் கண்ணை மூடினால், பக்கத்து ஸ்டாலில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு ‘ஆமென்’ சொல்ல வந்துவிடலாம் என்பார்கள். அப்படிப்பட்டவன் அன்று வேனுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் மூட்டைகள் மட்டும் மணந்துகொண்டிருந்தன.

அக்கா கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மணம் நல்லாருக்கு தம்பி. உறைப்பு நல்லாருக்கு. ஆனா குழம்பு சோத்துல நிக்கல. எலையில ஓடுது. கஸ்டமர் கேக்குறான், ‘அக்கா, இது மீன் குழம்பா, ரசமா’ன்னு. நா என்னா சொல்றது?”

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் அப்பா தொடங்கிய மசாலா ஆலையை இப்போது அண்ணன் சாமுவேல் நடத்துகிறார். நான் தம்பி. வேன் ஓட்டிக் கடைகளுக்குச் சரக்குப் போடுவது என் வேலை. மீதி நேரத்தில் புத்தகம் படிப்பேன். குடும்பத்தில் அதை ஒரு நோயாகக் கருதி, பெருந்தன்மையோடு மன்னித்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணனுக்கு ஒரே மகள், ரெபேக்கா. நியூசிலாந்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்து, அங்கேயே ஒரு பால்மாவு ஆலையில் வேலை பார்த்தாள். அண்ணி இறந்த பிறகு அண்ணன் வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. பிள்ளை வேலையை விட்டுவிட்டு, ஆலையைச் சீர்படுத்துகிறேன் என்று திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் அண்ணன் கண் கலங்கினார். மறு வாரமே இருவருக்கும் சண்டை.

முதல் சண்டை காந்தத்தால் வந்தது. மிளகாய், மல்லி எல்லாம் அரைக்கப் போகும் வழியில் ரெபேக்கா ஒரு காந்தக் கம்பியை வைத்தாள். சாயங்காலம் அதில் சிறு ஆணி ஒன்று, கம்பித் துண்டுகள், பெயர் தெரியாத இரும்புத் துகள்கள் எல்லாம் ஒட்டியிருந்தன. ஒரு தட்டில் வைத்து அப்பாவிடம் காட்டினாள்.

“இத்தனை வருஷமா எவனாச்சும் நம்ம மசாலா சாப்ட்டு ஆணி முழுங்கிச் செத்தானா?” என்றார் அண்ணன்.

“செத்திருந்தா வந்து கம்ப்ளேன் பண்ணிருக்க மாட்டாங்க லா அப்பா.”

அடுத்தது ஈரம். மிளகாய் மூட்டை வந்தால் அண்ணன் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். விதை கலகலவென்றால் சரக்கு நல்லது. ரெபேக்கா ஈரம் அளக்கும் கருவியோடு வந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் போகாது என்று விளக்கினாள். அண்ணன் ஆட்டிப் பார்த்து ‘நல்லது’ என்ற ஒரு லோடு மிளகாயைக் கருவி ‘ஆகாது’ என்றது. லோரி திரும்பிப் போனது. அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

பிறகு வந்தது புதிய மெஷின். பழைய மெஷின் ஓட ஓடச் சூடேறும்; அரைத்த தூளைத் தொட்டால் கை சுடும். பெரிய தட்டுகளில் பரப்பி ஆறவைத்துத்தான் சலிப்போம். புதியதில் அரைக்கும் அறையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும். தூள் சூடாகாது.

“நாம அரைச்சா ரோடு முழுக்க மணக்குதுல்ல அப்பா? அந்த மணம் பாக்கெட்டுக்குள்ள போக வேண்டியது. நாம காத்துல விட்டுட்டு இருக்கோம்.”

“அந்த ரோடு மணக்கிறதுதான் நம்ம விளம்பரம்,” என்றார் அண்ணன். உண்மையைச் சொன்னால், எனக்கு இருவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அப்படிப் படுவது என் பிறவிக்குணம். அதனால்தான் என்னை யாரும் எதற்கும் நடுவராகக் கூப்பிடுவதில்லை.

புதிய மெஷினை ஒவ்வொரு சாமானும் அரைத்த பிறகு பிரித்து, தூரிகையால் தட்டி, தூசி உறிஞ்சும் குழாயால் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து, பாக்கெட்டில் என்னென்ன சேர்கிறது என்று அச்சிட வேண்டும். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனார்: மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை.

“வேற ஒண்ணும் இல்லையே? மாவு ஏதாச்சும்? சில கம்பெனியில சேர்ப்பாங்க.”

அவ்வளவுதான். எங்கள் பாக்கெட்டின் நெற்றியில் ‘கலப்படமற்றது’ என்று அப்பா காலத்திலிருந்து சிவப்பு எழுத்தில் இருக்கிறது. வேதவசனத்துக்கு அடுத்தபடியாக அண்ணன் நம்புவது அந்த ஒரு சொல்லைத்தான். “என் மசாலாவுல மாவா? யாரப் பாத்து கேக்குற?” என்று எழுந்து போனவர், இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை.

புதிய மெஷினில் அரைத்த முதல் மீன் மசாலாதான் தங்கம் அக்காவிடமிருந்து திரும்பி வந்தது. வேறு சில கடைகளும் முகம் சுளித்தன. அண்ணன் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்: “புது மெஷின வித்துரலாம். நீ உன் பால் பவுடருக்கே திரும்பிப் போம்மா.”

ரெபேக்கா உள்ளே போனாள். மறுநாள் டிக்கெட் எடுத்துவிட்டதாக எனக்கு மட்டும் சொன்னாள். “தப்பு எங்கன்னே தெரியல சித்தப்பா. எல்லாத்தையும் ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன். அப்பா பண்ற அதே அளவுதான் போடுறேன். நான் இங்க இருந்தா அவருக்குத்தான் கஷ்டம்.”

ஒரு ஆலை போனால் போகட்டும். அந்த வீட்டில் மறுபடியும் தொலைக்காட்சி மட்டும் பேசப் போகிறதே என்றுதான் எனக்குக் கவலை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்தேன். எத்தனையோ அலங்காரச் சொற்கள் எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

“ஆண்டவரே, குழம்பு ஓடுது.”

உட்கார்ந்துவிட்டேன். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. போதகர் மட்டும் அழுத்தமாக “ஆமென்” என்றார். வீடு திரும்பும்போது என் மனைவி சொன்னாள், “இன்னைக்கித்தான் ஏதோ கேட்டீங்கபோல. மத்த நாளெல்லாம் அவருக்கு நியூஸ் வாசிச்சீங்க.”

மறுநாள் காலை, மகளோடு பேசாமல் இருந்த அண்ணன் தானாகவே அவளைக் கூப்பிட்டார். மனம் இளகி அல்ல. “போறதுக்கு முன்னால வா. மசாலா எப்டி அரைக்கிறதுன்னு பழைய மெஷின்ல காட்டுறேன். பாத்துட்டுப் போ.” அவளைத் தலைகுனிய வைத்து அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். இதுவா பதில் என்று ஆண்டவர்மேல் எனக்குச் சற்று வருத்தம்கூட வந்தது.

ரெபேக்கா தராசை இழுத்துப் போட்டாள். மசாலா கலக்கும் தொட்டிக்குள் போகும் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போட வேண்டும் என்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தார். பழைய மெஷின் உறுமியது. மிளகாய் அரைந்து தொட்டிக்குப் போனது. அடுத்து மல்லி போட வேண்டும். அண்ணன் பேசிக்கொண்டே பக்கத்து வாளியிலிருந்து டின் டின்னாக எதையோ அள்ளி மெஷின் வாயில் போட்டார். வெள்ளையாகப் போனது, சிவப்பாக வந்தது. அதையும் அப்படியே மீன் மசாலாத் தொட்டியில் கவிழ்த்தார்.

“அப்பா, அது என்ன?”

“எது?”

“இப்ப கொட்டினீங்களே.”

“அதுவா? அது மெஷின் கழுவுற அரிசி. மிளகா ஒட்டியிருக்கும்ல. அரிசி போட்டு ஓட்டுனாத்தான் அடுத்த சாமானுக்கு மெஷின் சுத்தமாகும்.”

“சரி. கழுவின அரிசி ஏன் தொட்டிக்குள்ள?”

“பின்ன? சாப்பாட்டுச் சாமான கீழயா கொட்டுறது?”

ரெபேக்கா தராசைப் பார்த்தாள். அண்ணன் கையில் அடுத்த டின் அப்படியே நின்றது. மல்லிக்குப் பிறகு ஒரு தடவை, சோம்புக்குப் பிறகு ஒரு தடவை, மஞ்சளுக்குப் பிறகு ஒரு தடவை. அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் அரிசி ஓடியிருக்கிறது. அத்தனை மாவும் மீன் மசாலாவில் சேர்ந்திருக்கிறது. குழம்பைச் சோற்றில் நிறுத்தியது அந்த அரிசிதான். புதிய மெஷினைத் தூரிகையால் சுத்தம் செய்தோம். அதோடு குழம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் மறைத்ததே இல்லை. தரையைப் பெருக்கும் விளக்குமாற்றை யாராவது சமையல் பொருளாகச் சொல்வார்களா? அதைப்போலத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அண்ணன் மெஷினை நிறுத்தினார். ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பாக்கெட்டுகளைப் பார்த்தார்.

“அப்ப நா இத்தன வருஷமா கலப்படமா பண்ணியிருக்கேன்?”

எனக்குத் தெரிந்து அவர் குரல் அப்படி உடைந்தது அண்ணியின் அடக்கத்தன்றுதான். ரெபேக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, மாவு படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லப்பா. பேர் எழுதாம விட்டுட்டோம். அவ்ளோதான். எழுதிரலாம்.”

இருவரும் அழுதார்கள். நான் மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பிறகு அரிசியை லேசாக வறுத்து, புதிய மெஷினில் அரைத்து, அளவை மாற்றி மாற்றிக் குழம்பு வைத்துப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் மீன்தான். சரியான அளவு பிடிபட்டதும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனோம். தங்கம் அக்கா தானே குழம்பு வைத்தார். இலையில் சோற்றைப் போட்டு, நடுவில் குழி செய்து ஊற்றினார். குனிந்து பார்த்தார்.

“நிக்குது,” என்றார். “மணமும் கூடியிருக்கே பாப்பா. என்னா செஞ்ச?”

“எங்கப்பா செஞ்சதுதான் ஆன்டி,” என்றாள் ரெபேக்கா.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். பாக்கெட்டில் ‘கலப்படமற்றது’ போய், சேர்மானங்களின் வரிசையில் ‘அரிசி’ வந்துவிட்டது. “கொஞ்சம் சின்ன எழுத்துல போடக்கூடாதா?” என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். “எல்லாம் ஒரே சைஸ்தான்.” “அப்ப பாஸ்மதின்னு போடு.” “நொய்யரிசி அப்பா அது!” இப்போதும் தினமும் சண்டைதான். தலையில் வலைத்தொப்பி மாட்ட மாட்டேன் என்கிறார், திட்டிக்கொண்டே மாட்டிக்கொள்கிறார். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் எனக்குக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

‘அண்ணன் மனத்தை மாற்றும், ஆண்டவரே’ என்று கேட்டிருப்பேன், அன்று எனக்குப் பேச்சு வந்திருந்தால். ஆண்டவர் அவர் மனத்தில் கைவைக்கவில்லை. அவருடைய பிடிவாதத்தையே பிடித்து அழைத்து வந்து, அவர் பழக்கத்தை எங்கள் எல்லோர் கண்முன்னும் ஓட்டிக் காட்டினார். அப்பனும் மகளும் தோற்காமல் ஒரு சண்டையை முடித்துவைக்க அவரால்தான் முடியும். நன்றி சொல்லி எனக்கு மாளவில்லை.

இதைக் கேட்கிற உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். மகன் பேசாமல் இருக்கலாம், மருத்துவர் கையை விரித்திருக்கலாம். அதற்கு அழகான வார்த்தை தேட வேண்டாம். ஓடுவது எதுவோ, அதன் பெயரைச் சொல்லி அவரிடம் கொடுங்கள். எங்கள் அடுப்பில் கொதித்த மீன் குழம்பைக்கூட அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.