ஆவணியில் எடுத்துக்கொள்ளலாமா

“ஆவணியில வந்து எடுத்துக்கிறேன். அப்பவும் இதே விலைதானா?”

“இதே விலைதாங்க்கா. முன்பணம் கட்டிட்டுப் போங்க, பெட்டி உங்க பேர்ல நிக்கும்.”

“அதை ரசீதுல எழுதிக் குடுங்க.”

விற்பனையாளர் நல்லகாமன் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவை ஒருமுறை திறந்து மூடினான்.

“யாரும் இப்படிக் கேட்டதில்லையேக்கா.”

“அதான் நான் கேக்குறேன்.”

பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். திருமோகூர்க்காரி, பெயர் சோணையம்மாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அதே பெட்டிக்குக் காலையிலேயே முன்பணம் கட்டிவிட்டு, இப்போது மருமகனாகப் போகிறவனை அழைத்துவந்து நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏந் தாயி, எழுதாட்டி என்னவாம்?”

“உங்க ரசீதைக் காட்டுங்க.”

ரசீதில் பெட்டியின் பெயரும் கட்டிய தொகையும் மட்டும் இருந்தன. விலை இல்லை, சலுகையும் இல்லை.

ரசீதைக் கேட்ட அலர்மேல்மங்கை அந்தக் கடைக்குப் பெட்டி வாங்க வரவில்லை. மேலமாசி வீதியில் இம்மானுவேல் நடத்தும் விளம்பர அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தமிழ் தட்டச்சுக்குச் சேர்ந்தவள், பிறகு பிழை திருத்தினாள். எழுத்துப் பிழையே இல்லாத விளம்பரங்களால்தான் அதிகம் பேர் வந்து சண்டை போடுகிறார்கள் என்பதை அங்கே கண்டுகொண்டாள். அதிலிருந்து எந்தச் சலுகை விளம்பரத்தையும் கீழிருந்து மேலாகப் படிப்பாள். முதலில் அடியில் இருக்கும் பொடி எழுத்து, அடுத்து நட்சத்திரக் குறி, அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது, கடைசியில்தான் கொட்டை எழுத்து. சந்தேகம் தீராவிட்டால் கடைக்கே போய், சொன்ன விலைக்குச் சொன்ன பொருளை வாங்கப் பார்ப்பாள். விளாங்குடியில் அவள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் பையில் துண்டறிக்கையோடுதான் வருவார்கள். “வீட்டுக்குள்ள சௌராஷ்டிரம் பேசுவா, சலுகைக்காரன்கிட்ட மட்டும் சட்ட பாஷைதான் பேசுவா” என்பான் கணவன் சீதாராமன்.

கடை முதலாளி வெங்கடேஷ்பாபு ஒத்தக்கடையில் திறந்திருக்கும் இந்தப் புதுக் கிளைக்கு மறுநாள் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம், அவள் அலுவலகம் தயாரித்தது. துண்டறிக்கை முந்தின நாளே ஊர்களுக்குப் போய்விட்டது. மேலே, ‘ஆடி முழுவதும் 50% வரை தள்ளுபடி’. அடியில் நான்கு வரி, ஆங்கிலத்தில், சாம்பல் நிறத்தில். தேர்ந்தெடுத்த மாடல்களுக்கு மட்டும். ஜூலை 31 வரை. அந்தத் தேதிக்குள் பொருளை வீட்டில் இறக்கியிருக்க வேண்டும்.

ஆடி ஆகஸ்ட் பாதிவரை ஓடும். தேதி தவறு என்பது மதியமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளை ஒத்தக்கடைக்குப் பேருந்து ஏற வைத்தது கடைசி வரி.

பில் போடும் மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். “முன்பணம் வாங்கினதும் பில் போட்டுருவீங்களா?”

“இல்லக்கா. பெட்டி கடையை விட்டு வெளிய போற அன்னைக்குத்தான் பில்லு.”

“ஆவணியில போனா?”

அந்தப் பெண் கணினியில் தேதியை மாற்றிப் பார்த்தாள். தள்ளுபடிக் கட்டத்தில் பூஜ்யம் வந்தது.

சோணையம்மாளின் முகம் மாறியது. “ஆடியில சீர் சாமானை எவளாவது வீட்டுக்குள்ள ஏத்துவாளா? அம்புட்டுப் பேரும் ஆடியில சொல்லி வச்சு ஆவணியிலதானய்யா எடுப்போம். இந்தத் தள்ளுபடியை நம்பித்தான் துணி துவைக்கிற மிசினையும் சேத்துச் சொன்னேன். அது இல்லைன்னா மிசின் கெடையாது. மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டேனே!”

மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி மின்விசிறி விலைகளைப் படிக்க ஆரம்பித்தான்.

வெங்கடேஷ்பாபு மாடியிலிருந்து இறங்கி வந்தான். “என்ன அலர்மேலக்கா, விளம்பரத்தைப் படிக்கச் சொன்னா, வியாபாரத்தை நிப்பாட்டுறீங்க?”

“இந்தக் கடைசி வரியை யாரு எழுதினது?”

“கம்பெனி அனுப்பின தாள்ல இருந்துச்சு, அப்படியே போட்டோம். எல்லாரும் போடுறதுதானக்கா. இதை எவன் படிக்கிறான்?”

“அதான் பாபு தப்பு. மேல தமிழ்ல குடுத்துட்டு கீழ இங்கிலீஷ்ல புடுங்குறீங்க. மேல சொன்னதைக் கீழ மறுக்கிற மாதிரி நிபந்தனை போடக்கூடாது. சலுகை எந்த மொழியோ, நிபந்தனையும் அதே மொழி, அதே எழுத்து. சட்டத்துலயே இருக்கு.”

“யாரையும் ஏமாத்தணும்னு போடலக்கா.”

“தெரியும். வடக்க உக்காந்து எழுதினவனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? மாசக் கடைசியில சரக்குப் போகணும், அம்புட்டுத்தான் அவன் கணக்கு. உங்க அம்மா ஆடியில ஒரு பெட்டியை வீட்டுல இறக்க விடுவாங்களா?”

வெங்கடேஷ்பாபு சிரித்துவிட்டான். “உள்ள விட மாட்டா.”

“அப்ப இந்தச் சலுகை யாருக்கு?”

கைபேசி ஒலித்தது. இம்மானுவேல். “பேப்பர்ல பக்கத்தை மூடப் போறாய்ங்கம்மா. விளம்பரத்தை அனுப்பவா, வேணாமா?”

“வேணாம் சார். நான் சொல்றவரைக்கும் நிக்கட்டும்.”

“பாபு கோவிச்சுக்கிட்டு வேற ஆள்கிட்டப் போயிருவாப்ல.”

“எதுக்கத்தான் நிக்கிறாரு. போக மாட்டாரு.”

வெங்கடேஷ்பாபு கம்பெனியின் வட்டார மேலாளரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். மேலாளர் சுற்றி வளைத்தார். அலர்மேல்மங்கை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்: கடைக்குத் தள்ளுபடிப் பணத்தைத் திருப்பித் தரும்போது நீங்கள் பார்ப்பது பில் தேதியா, பெட்டி இறங்கிய தேதியா? கடைசியில் மேலாளர், பில் தேதிதான் என்றார். ஆகஸ்டுக்கு வேறு சலுகைத் தாள் வரும், தொகையில் மாற்றமில்லை, அதையும் எழுத்தில் அனுப்புகிறேன் என்றார்.

“அப்ப ஆடியிலயே முழுப் பணம் வாங்கிப் பில் போட்டுருங்க. பெட்டி உங்க கிடங்குல இருக்கட்டும்” என்றாள்.

“கிடங்குல எம்புட்டு நாளைக்கு வச்சிருக்கிறது? அடி பட்டா யாரு பொறுப்பு?”

“நீங்கதான். ஆவணி கடைசிவரைக்கும். அதையும் எழுதுங்க. இந்த ஊர்ல எந்தக் கடையும் அப்படிச் சொன்னதில்ல. அதுவே உங்களுக்கு விளம்பரம்.”

அவன் கிடங்குப் பக்கம் பார்த்தான். மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பது தெரிந்தது. “மேல போட்ட ஐம்பது சதவீதத்தை எடுக்கச் சொல்லுவீங்களோ?”

“எதுக்கு? பழைய மாடல் மிக்சிக்கு நெசமாவே ஐம்பது இருக்குல்ல. எந்த மாடல்னு பக்கத்துலயே போடுங்க.”

“முழுப் பணமும் ஆடிக்குள்ளயே கட்டணும்மா” என்றான் நல்லகாமன் சோணையம்மாளிடம், தயங்கியபடி.

“பணம் கெடக்குய்யா, நாளைக்கே கட்டுறேன். பெட்டிக்குத்தான் ஆடி ஆகாது, பணத்துக்கு என்ன ஆடி?”

மாப்பிள்ளை மின்விசிறியை விட்டுத் திரும்பினான்.

அலர்மேல்மங்கை கைபேசியிலேயே புது வரிகளை அடித்து அனுப்பினாள். சாம்பல் நிறம் போயிற்று. ‘ஆகஸ்ட் 16 இரவு கடை மூடும்வரை. முழுப் பணம் கட்டிய அன்றே பில். பொருளை ஆவணி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; அதுவரை கிடங்கில் எங்கள் பொறுப்பு.’ கொட்டை எழுத்துக்கு நேர் கீழே, அதே கறுப்பில். இம்மானுவேலின் பதில் உடனே வந்தது: இடமில்லை, நடிகை படத்தைச் சின்னதாக்கவா?

“ஆக்குங்க” என்று போட்டாள்.

மறுநாள் விளம்பரம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. நடிகை ஓரமாக நின்றாள். பழைய துண்டறிக்கைகளில் மிஞ்சியவற்றைக் கட்டி வைத்துவிட்டுப் புதிதாக அச்சடித்தார்கள். பழையதோடு வந்தவர்களுக்கும் அதே விலை என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். சோணையம்மாள் பணம் கட்டிப் பில் வாங்கிக்கொண்டாள். நல்லகாமன் குளிர்சாதனப் பெட்டியின் மேலும் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேலும் அவள் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிக் கிடங்கில் தள்ளினான். மதியத்துக்குள் கிடங்கில் இடம் குறைந்தது. வெங்கடேஷ்பாபு பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை விசாரித்தான். அலர்மேல்மங்கை விளாங்குடியிலிருந்து வழக்கமான பேருந்தில் அலுவலகம் போனாள். மேசையில் ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரம் இருந்தது. அடியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.