எடைமேடைச் சுவரில் ஓர் அறிவிப்பு

மலேசியாவின் கோலா கெத்தில் என்னும் ஊரின் செம்பனை ஆலையில் எடை ரசீது அச்சடிக்கும் நிரலை எழுதியவர் எங்கள் மேனேஜர். குலைகளின் தரம் பார்க்கும் அக்கா முப்பது சதவீதம் அழுக்கு என்பதைக் குறிப்பில் 30%dirt என்று தட்டினார். ரசீதில் 30-ஐ ஒட்டி நீளமான ஓர் எண்ணும், அதன்பின் irt என்பதும் வந்தன.

மேனேஜரிடம் சொன்னேன்: "அண்ணே, அவங்க தட்டுனத அப்படியே அச்சடிக்கற printf-க்குக் கொடுத்திருக்கீங்க. %d-ய அது 'இங்க ஓர் எண்ணப் போடு'ங்கற கட்டளைன்னு எடுத்துக்குது. காட்ட எண் எதுவும் கொடுக்கல, அதனால மெமரில, ஸ்டாக்ல கெடக்கறத எடுத்துப் போடுது. printf("%s", குறிப்பு)னு மாத்துங்க, போதும்."

அவர் நம்பவில்லை. வரிசையாக %d தட்டிக் காட்டினேன். ஸ்டாக்கில் கிடந்த, நிரலுக்குள் நுழைய அவர் தட்டும் கடவு எண்ணே ரசீதில் வந்து விழுந்தது.

"ப்ரோக்ராம் சரியாத்தான் இருக்கு லா. ஆளுங்கதான் சரியில்ல" என்றார்.

மறுநாள் நிரல் மாறவில்லை. லாரிகள் நிற்கும் எடைமேடைச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: "குறிப்பில் %d %d %d %d என்று தட்டினால் மேனேஜரின் கடவு எண் வெளியாகும். யாரும் தட்டக் கூடாது."