பெருநாள் அன்று வாங்கிய சீமெந்து

தாராபுரத்து இன்பாஸுக்கு முப்பத்துநான்கு வயது. தொழில் என்னவென்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மன்னார் பஸார் மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. அதற்குப் பெயர் கந்தோர். நண்டு ஏற்றுமதிக்காரருக்கும் சங்கங்களுக்கும் அங்கிருந்து கணினியில் ‘டாஷ்போர்ட்’ செய்து கொடுப்பான். கணக்குப் புத்தகத்தைப் பொம்மலாட்டம் ஆக்குகிற வேலை என்று மனைவி இர்ஷானா சொல்லுவாள். வட்டம் சுழலும், பச்சைக்கோடு ஏறும், பொத்தானை அமத்தினால் ரூபா டொலராகும்.

ஊர் மையத்துகளை அடக்கும் மையவாடிக்கு மதில் கட்டிய கமிட்டிக்கு அவன் செய்து கொடுத்தது இலவசம். ஊர்ப்பணி. இலவசமாய்ச் செய்கிறவனை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்ற தைரியம் அதிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

மதிலுக்கான காசு வெளிநாட்டிலிருக்கிற ஊர்ப்பிள்ளைகள் அனுப்பியது. எண்ணாயிரத்து ஐந்நூறு டொலர். 2022 மார்ச் மூன்றாம் திகதி வங்கிக்கு வந்தபோது டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபா. பதினேழு லட்சம் கைக்கு வந்தது. பொருளாளர் சரிபுதீன் நானா இரண்டே நாளில் முழுக் காசுக்கும் சீமெந்தும் கம்பியும் வாங்கிப் போட்டார். அடுத்த கிழமை ரூபா விழத் தொடங்கியது. ஏப்ரல் முடிகிறபோது டொலர் முன்னூற்று நாற்பது. நானா இன்னும் இரண்டு மாதம் யோசித்திருந்தால் அரை மதில்தான் எழும்பியிருக்கும்.

மதில் எழும்பியது, ஊரும் மறந்தது. மூன்று வருடம் கழித்து, “எங்கட காசு டொலரில எவ்வளவு செலவாச்சு?” என்று கட்டாரிலிருந்து ஒருவர் கேட்டார். இன்பாஸ் களத்தில் இறங்கினான்.

வேலையில் அவன் சோம்பேறி அல்ல. ரூபாவை இன்றைய விலையால் பிரித்துத் தள்ளவில்லை. அது படிக்காதவன் செய்கிற வேலை என்று அவனுக்குத் தெரியும். நாளுக்குரிய டொலர் விலையை ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொரு செலவையும் அது நடந்த திகதியின் விலையால் பிரிக்க வைத்தான். சனி, ஞாயிறு, விடுமுறை வந்தால் அதற்கு முந்திய வேலைநாளின் விலை. நானாவின் கணக்குக் கொப்பியைப் பார்த்துத் திகதிகளை அப்படியே அடித்தான். ஊருக்குள் சேர்த்துக் கொடுத்த கூலிச் சில்லறைகளில், பன்னிரண்டாம் திகதிக்கு மேற்பட்ட ஏழு வரிகள் பிழை காட்டின. “கிழட்டுக் கொப்பி” என்று முணுமுணுத்து அந்த ஏழையும் கையால் திருத்தினான். ஏன் ஏழு மட்டும் என்று அவன் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

பொத்தானை அமத்தினான். வந்தது எண்ணாயிரத்து ஐந்நூறு. செலவு, ஊர்ச் சில்லறை நீங்கலாக, ஐயாயிரம். மீதி மூவாயிரத்து ஐந்நூறு டொலர், சிவப்பில்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கமிட்டி கூடியது. இன்பாஸ் சுவரில் படம் காட்டினான். சிவப்பு எண் நானாவின் தலைக்கு மேலே நின்றது.

“மிச்சக் காசு எங்க நானா?” என்றான். குரலை மரியாதையாகத்தான் வைத்திருந்தான். அதுதான் இன்னும் மோசம்.

“முழுக் காசுக்கும் சாமான் எடுத்தனான்டா. மதில் நிக்குது, போய்ப் பார்.”

“மதிலை நான் கேக்கேல்ல. கணக்குப் பொய் சொல்லாது.”

நானா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “டேய் இன்பாசு, அந்தக் காசை நான் எந்த நாள் விலைக்கடா தரோணும்?”

“இண்டைய விலைக்கு. பத்தரை லட்சம்” என்றான் இன்பாஸ், கணமும் தாமதிக்காமல். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இனித்தது. படம் ஊர் வாட்ஸ்அப் குழு வழியே இரவுக்குள் கட்டாருக்கும் கனடாவுக்கும் போய்விட்டது. நானா பொருளாளர் பதவியை விட்டார். பள்ளியிலும் பின்வரிசையில் நின்று, தொழுகை முடிய சலாம் கொடுத்ததும் எழும்பிப் போனார்.

அடுத்த கிழமை இன்பாஸ் பற்றுச்சீட்டின் பிரதி எடுக்கப் பஸாரில் நஸாரின் இரும்புக்கடைக்குப் போனான். குற்றத்தை இறுக்கிக் கட்ட ஒரு கயிறு வேண்டியிருந்தது.

“மே மூண்டு, 2022. பதினேழு லட்சம்” என்றான்.

நஸார் நிமிர்ந்தார். “மே மூண்டோ? அண்டைக்கு நோன்புப் பெருநாளெல்லோ!”

“நல்லாத் தெரியுமோ?”

“சமையல் கேஸ் இல்லாமல் விறகு அடுப்பில வட்டிலப்பம் அவிச்ச பெருநாளை மறப்பனா? ஊரே புது உடுப்போட நிக்க, நானும் சரிபுதீனும் சீமெந்து மூட்டை எண்ணிக்கொண்டு நிண்டம் எண்டுறீரோ?” சிரித்துக்கொண்டே பழைய பற்றுச்சீட்டுக் கட்டைத் தட்டினார். “இந்தா. மார்ச் அஞ்சு. சனிக்கிழமை.”

இன்பாஸ் அந்த மூன்று எண்களைப் பார்த்தான். 05/03/2022. நானா எழுதியது ஐந்தாம் திகதி, மூன்றாம் மாதம். அவனுடைய கணக்கோ அமெரிக்காக்காரன் வழக்கத்தில் ஐந்தாம் மாதம், மூன்றாம் திகதி என்று வாசித்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மாதமில்லை என்பதால்தான் அந்த ஏழு வரிகளும் அலறியிருக்கின்றன. அலறியவற்றின் வாயை அவனே பொத்தியிருக்கிறான். காசு வந்த திகதி 03/03; எப்படித் திருப்பினாலும் மூன்றுதான், அதனால் அது மட்டும் சரியாய் நின்றது. இருநூறால் பிரிக்கவேண்டிய பதினேழு லட்சம் முன்னூற்று நாற்பதால் பிரிபட்டிருக்கிறது.

கடை வாசலிலேயே நின்று கைப்பேசியில் டாஷ்போர்டைத் திறந்தான். பொத்தானை ரூபாவுக்கு மாற்றினான். மீதி: பூச்சியம். அந்த வெள்ளிக்கிழமையும் அது பூச்சியமாகத்தான் இருந்தது. அவன்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டொலரில் காட்டினால்தான் வெளிநாட்டார் மெச்சுவார்கள் என்று அதிலேயே நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்து குழுவுக்கு எழுத உட்கார்ந்தான். திகதி அமைப்பு, பட்டியல், அமெரிக்க வழக்கம் என்று ஒரு பக்கம் வளர்ந்தது. இர்ஷானா தோளுக்கு மேலால் வாசித்தாள்.

“ஆருக்கு இது விளங்கும்? அவரைக் கள்ளன் எண்டு ஒரு வரியில சொன்னீங்க. நீங்க பிழை எண்டதுக்கு மட்டும் ஒரு பக்கமோ?”

“கள்ளன் எண்டு நான் சொல்லேல்ல.”

“ஓம், படம்தான் காட்டினீங்க.”

எல்லாவற்றையும் அழித்தான். ‘ஒரு டொலரும் குறையவில்லை. திகதியைத் தலைகீழாய் வாசித்தது நான். சரிபுதீன் நானாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்பாஸ்.’ அனுப்பினான். படத்தைப் பார்த்து நாற்பது பேர் கருத்துச் சொன்ன குழுவில், இதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அடுத்த வெள்ளி கமிட்டியிலும் எழும்பி வாயால் சொன்னான். நானா வரவில்லை.

அன்று பின்னேரம் அவரைத் தேடிப் போனான். வாசற்படியில் நின்று அவருடைய கொப்பியை நீட்டினான். மாதத்தை இனி எழுத்தில் அடிப்பேன் என்றான், பொருளாளராய்த் திரும்பி வரவேண்டும் என்றான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். உள்ளே மேசையில் நகை அடகுச்சீட்டு ஒன்று கிடந்தது. நானாவின் மனைவி பாத்தும்மா மாமி அவன் கண் போன இடத்தைக் கண்டதும் அதை எடுத்து முந்தானைக்குள் செருகினார். பத்தரை லட்சத்துக்கு அவர்கள் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

இன்பாஸ் நடக்கப் பழகிய காலந்தொட்டு நானாவுக்கு அவன் ‘டேய் இன்பாசு’. குற்றஞ்சாட்டிய அன்றும் அப்படித்தான். இப்போது திட்டுவார், காதைத் திருகுவார் என்று அவன் ஏங்கி நின்றான்.

நானா கதிரையை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ, இருங்கோ” என்றார். “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”