எத்திராஜின் கையும் வோல்ட் முள்ளும்

பல்லாவரத்துத் தோல் தொழிற்சாலையில் எத்திராஜ் ஜெனரேட்டர் ஆப்பரேட்டர். அவன் மனைவி தனம் அங்கேயே தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். எண்பத்தேழில் பாதி நாள் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டரை நம்பித்தான் வேலை.

அந்தக் கோடையில் அதன் ஏ.வி.ஆர். எரிந்துபோனது. ஜெனரேட்டர் தரும் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி அது. லோடு ஏறி வோல்டேஜ் இறங்கினால் காந்தச் சுருளுக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டும். லோடு குறைந்தால் அதையும் குறைக்கும். புதுப்பெட்டி வாங்கும்வரை சமாளிக்க, எலக்ட்ரீஷியன் ஒரு பேட்டரியிலிருந்து அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுத்து, கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்தார்.

எத்திராஜ் மீட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். தோல் ஊறும் பீப்பாய்களின் பெரிய மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் முள் சரியும், திருகைக் கூட்டுவான். அவை நிற்கப்போகும்போது பீப்பாய் ஆள் குரல் கொடுப்பான், இவன் குறைப்பான். இரண்டே வாரத்தில் கை பழகிவிட்டது. பீப்பாய் ஓட்டுகிறவர்கள் அவனைக் கேட்காமல் சுவிட்சைத் தொடமாட்டார்கள். அந்த மரியாதை அவனுக்குப் பிடித்திருந்தது. மேனேஜர் கஸ்தூரிரங்கன் பெட்டிக்கு ஆர்டர் போடட்டுமா என்று கேட்டபோது அவனே சொன்னான்: "எதுக்கு சார்? நான் கீறேன் இல்ல."

தனத்துக்கு அது பிடிக்கவில்லை. தையல் கூடத்து பல்புகள் மங்குவதும் பளீரென்று எரிவதும் அவளுக்குத்தானே தெரியும். "அந்தப் பொட்டிய வாங்கச் சொல்லுய்யா" என்று வீட்டில் சொன்னாள். அவன் சிரித்து மழுப்பினான்.

ஆவணியில் ஒருநாள், பீப்பாய்கள் எல்லாம் முழு லோடில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவற்றுக்குப் போகும் கேபிள் கருகி, பிரேக்கர் விழுந்து அத்தனை மோட்டாருக்கும் ஒரே நொடியில் கரண்ட் அறுந்தது. யாரும் குரல் கொடுக்க நேரமில்லை. திருகு முழு லோடுக்கான இடத்திலேயே இருந்தது. முள் துள்ளி ஏறியது. அவன் கை திருகைப் பிடித்துத்தான் இருந்தது. குறைக்கவும் செய்தான். அதற்குள் தையல் கூடத்தில் பல்புகள் வெடித்துவிட்டன.

தனத்தின் வலது கண்ணில் கண்ணாடிச் சில்லு. எழும்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பார்வை போய்விட்டது.

அடுத்த வாரமே புதுப்பெட்டி வந்தது. கஸ்தூரிரங்கன் அவனைத் திட்டவில்லை. "நீதானப்பா வேணாம்னு சொன்னே" என்றார், அவ்வளவுதான்.

புதுப்பெட்டியோடு முதல்தடவையாக மோட்டார்கள் ஓடியபோது எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முள் லேசாகச் சரிந்து, அவன் கண் இமைப்பதற்குள் தன் இடத்துக்குத் திரும்பியது. அந்த வேகம் எந்த மனுஷன் கைக்கும் வராது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அதைத் தனத்திடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து.

"உன்ன நான் இன்னா கேட்டேன்? ஒரு பொட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.