மடிப்பில் போன ஐயாயிரம்

கடன் சங்கத்தில் அவளை எல்லோரும் ‘கூட்டல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடன் கேட்பவர் அனுப்பும் சம்பளச் சீட்டின் படத்தைக் கணினி படித்து, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்று பிரித்து, விண்ணப்பச் சுருக்கத்தில் நிரப்பிவிடும். சரிபார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்; அவள் பேனா எடுத்துக் கூட்டுவாள். பஸ் டிக்கெட் எண்ணைக்கூட விடமாட்டாள் என்று அவள் கணவரே கேலி செய்வார்.

அன்று காலை வந்தது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவரின் விண்ணப்பம். அவர் மனைவி வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்பவள். பெரிய அடுப்பு வாங்க ஒன்றேமுக்கால் லட்சம் வேண்டும். சங்க விதிப்படி அடிப்படைச் சம்பளத்தைப் போல் பத்து மடங்குவரைதான் கடன். சுருக்கத்தில் அடிப்படை 13,400 என்று விழுந்திருந்தது.

“ஒண்ணு முப்பத்திநாலுக்கு மேல தேறாது. திருப்பி அனுப்பிடுங்கக்கா,” என்றார் மேலாளர்.

அக்கா கூட்டினாள். அடிப்படை 13,400, பஞ்சப்படி 4,600, வீட்டு வாடகைப்படி 2,300, சலவைப்படி 700. ஊர்த்துணியெல்லாம் வெளுப்பவருக்கே சலவைப்படியா என்று சிரிப்பு வந்தது. ஆனால் கூட்டுத்தொகை 21,000. சீட்டில் அச்சாகியிருந்த மொத்தம் 26,000. பிடித்தம் சேமநல நிதிக்கு 2,760, காப்பீட்டுக்கு 240. கைக்கு வருவது 23,000. அதுவும் இருபத்தாறாயிரத்துக்குத்தான் பொருந்தியது.

படத்தைப் பெரிதாக்கினாள். சட்டைப்பைக்குள் நாலாக மடிந்து கிடந்த தாள். மடிப்பு எண்ணின் மேலேயே ஓடி, எட்டின் இடப்பக்கத்தைத் தின்றிருந்தது. கணினிக்கு அது மூன்று.

“சார், இது பதினெட்டாயிரத்து நானூறு. அப்பதான் பஞ்சப்படியோட சேர்ந்து இருபத்திமூணாயிரம் வரும். அதுல நூத்துக்குப் பன்னெண்டு, ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபது. சேமநல நிதி கரெக்டா வருது பாருங்க!”

“அப்ப மாத்திப் போட்டுடுங்க.”

“கணக்கு சொல்லுதுன்னு நானா எழுதக்கூடாது சார். தாள்ல தெரியணும்.”

உடனே சலவைக்காரருக்குப் போன் போட்டாள். “அண்ணே, சீட்டு கசங்கியிருக்கு. மடிப்பில்லாம இன்னொரு படம் அனுப்புறீங்களா?”

“மடிப்பா? நான் நிக்கிறதே இஸ்திரி மேசைகிட்டதாம்மா!”

தாளின் மேல் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறார். பத்தே நிமிடத்தில் வந்த படத்தில் தாள் அப்பளம்போல் விறைப்பாக இருந்தது. எட்டு முழு எட்டாகத் தெரிந்தது. மேலாளர் எழுந்து வந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தபடியே ஒன்றேமுக்கால் லட்சத்துக்குப் பரிந்துரை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்து போகும் வழியில் அக்கா அந்த வீட்டை எட்டிப் பார்த்தாள். அடுப்பு வாசலில் நுழையாததால் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளிருந்து சூடான ரொட்டி மணம் தெருவரை வந்தது.

“வாங்கக்கா, வாங்க!” என்று மாவுக் கையோடு ஓடிவந்தாள் சலவைக்காரரின் மனைவி. “தட்டலாம்னா கதவே இல்ல, நேரா உள்ள வாங்க!”