பல்லடத்துக்கு அப்பால் பத்துப் பனியன்கள்

1989 மே விடுமுறையில் நான் போன ஒரே பயணம் இதுதான். நம் பள்ளிக் கையெழுத்து இதழுக்குப் பயணக் கட்டுரை கேட்டபோது, ஊட்டிக்குப் போனவர்கள் பலர் இருப்பார்கள் என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன்.

என் அப்பா தரைப்படையில் ஹவில்தார். விடுப்பு முடிய ஐந்து நாள் இருந்தது. கோவையில் என்.சி.சி. மாணவர் படைக்குப் பயிற்சி தரும் வேலைக்குச் சம்மதமா என்று கேட்கும் படிவம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அப்பா வாராவாரம் வீட்டுக்கு வருவார். அதற்கு முன், தன்னோடு ஒரே பட்டாலியனில் இருந்த சேவியர் மாமாவைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். நானும் கிளம்பினேன்.

திருப்பூரிலிருந்து பல்லடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். காலை 8.20 தனியார் பேருந்து, எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து மூன்று ரூபாய். (இடதுபக்க சன்னலோரம் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.) நடத்துநர், “பாப்பா என்னங்க படிக்குது?” என்றார். அப்பா, “எட்டாவதுங்க” என்றார். நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். சொல்லவில்லை.

பல்லடத்தில் இறங்கி நகரப் பேருந்தில் ஆறு கிலோமீட்டர், பிறகு விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே கால் மணி நேர நடை. மாமா வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

“வாடா ஆறுமுகம்! தொப்பை போட்டிருச்சா? கோவைக்குப் பொருத்தமாத்தான் இருக்கற!”

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தார்?

மேசைமேல் பத்துப் பனியன்கள். கரும்பச்சை, கழுத்தில் அரக்குச் சிவப்புப் பட்டை. அவர்கள் பட்டாலியனில் தோளில் போடும் கயிற்றின் நிறங்கள் அவை. மாமா தன் பழைய கயிற்றைத் துணிமேல் வைத்துக் காட்டினார். “மூணு தடவ சாயத்தத் திருப்பி அனுப்பினேன் கண்ணு. அரக்கு கொஞ்சம் வெளுத்தாலும் அது வேற ரெஜிமென்ட் கலராயிரும்.”

பட்டாலியனுக்குக் கொடி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். பூசாரி, மௌல்வி, பாதிரியார், சீக்கியர்களின் கிரந்தி எல்லோரும் மந்திரித்த பட்டுக் கொடி. முன்னே போரிட்ட இடங்களின் பெயர்கள் அதில் தைத்திருக்கும், புதிதாகச் சேரும் பையன் அவற்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது கொடியைச் சண்டைக்கு எடுத்துப் போவதில்லை. சண்டைக்குப் போவது பத்துப் பேர் கொண்ட செக்சன்தான்.

அந்த நாளில் மாமா இயந்திரத் துப்பாக்கியைச் சுடும் முதல் ஆள். அப்பா இரண்டாம் ஆள்: குண்டு தீர்ந்தால் மேகசின் என்ற குண்டுப் பெட்டியை மாற்ற வேண்டும், குழல் சூடேறினால் குழலையும். சுடுகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார், பக்கத்தில் ஆள் இருப்பதாக நம்ப வேண்டும்.

“அப்ப நாட்ட நெனச்சீங்களா மாமா?”

“இல்ல கண்ணு. இந்தத் தடியன் மேகசின் மாத்துவானான்னு நெனச்சேன்.”

“நான் ஓடிப்போனா இவன் காலம்பூரா கேலி பேசுவான், அதனாலதான் ஓடல” என்றார் அப்பா. கால் போனபோது மாமாவை இழுத்து வந்தவர் அப்பாதான் என்பதை இருவருமே சொல்லவில்லை. எனக்கு அம்மா சொல்லியிருந்தாள்.

அவர்கள் டீ குடிக்கையில் நான் ஒரு பனியனை எடுத்துச் சட்டைமேல் போட்டுக்கொண்டேன்.

“கழட்டு” என்றார் அப்பா. என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியதே கிடையாது.

“பத்து இருக்குதுல்ல? ஒண்ணு மாமாவுக்குத்தானே?”

“எனக்கு இல்ல கண்ணு” என்றார் மாமா மெதுவாக. “நான் இப்ப செக்சன்ல இல்லையே. என்ற எடத்துல நிக்கறவனுக்கு.”

அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறானாம். மாமா அவனைப் பார்த்ததே இல்லை. “அளவு சரியாடா?” என்றார்.

“முப்பத்தாறு. பூட்ஸ் ஏழு. பால் குடிச்சா வயித்துக்கு ஆகாது. இருட்டுன்னா பயம், வெளிய சொல்ல மாட்டான்.”

என் வகுப்புத் தெரியாத அப்பா மூச்சு விடாமல் சொன்னார். பனியனைக் கழற்றி மடித்து வைத்தேன். பார்த்திராத ஒருவன்மேல் அவ்வளவு பொறாமைப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“கோவையிலயும் உங்க பட்டாலியன் தொப்பி பேட்ஜ்தானேப்பா போடுவீங்க?” என்று கேட்டேன்.

“போட்டுக்கலாம்.”

“அப்பறம் என்னங்கப்பா?”

மாமாதான் முதலில் பேசினார். “புள்ள சொல்றது சரிடா. கையெழுத்துப் போடு.”

“செப்டம்பர்ல மறுபடி எல்லையில மலைக்கு ஏறறோம். அவன் பக்கத்துல யாரு இருப்பா?” என்றார் அப்பா. மாமா பனியன்களை அடுக்கி மூட்டை கட்டத் தொடங்கினார்.

மாலை 4.40 பேருந்தில் திரும்பினோம். பனியன் மூட்டை அப்பா மடியில், நான் பக்கத்தில். பல்லடம் தாண்டியதும், “நான் ஒன்பதாவது முடிச்சாச்சுங்கப்பா” என்றேன். படிவம் கையெழுத்தில்லாமல் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் மாமா வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் எடுத்துப் போங்கள். பனியனைத் தொடாதீர்கள்.

அக்டோபரில் அப்பாவின் கடிதம் வந்தது. உறைமேல் என் பெயருக்குக் கீழே ‘பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு’ என்று எழுதியிருந்தார். உள்ளே பத்துக் கையெழுத்துகள். கடைசியாக அந்தப் புதுப் பையனின் கோழிக்கிறுக்கல்: ‘பனியன் சரியாக இருக்கிறது, தங்கச்சி.’

கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது.