ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வாரண்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு மகள் ஒரு படம் அனுப்பினாள். கைப்பேசிப் பெட்டியின் அடிப்பக்க லேபிள். பதினெட்டு வயதுவரை என் பழைய போன்களையே வைத்திருந்தவள், தன் சொந்தச் சம்பளத்தில் முதல்முறையாக ஒன்று வாங்க சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தாள். நான் தீவின் மறுகோடியில், பாசிர் ரிஸ் வீட்டில். உடனே அழைத்தேன்.

“அம்மா, சிக்ஸ்டீன் ஜிபி ரேம்னு சொல்றாரு. ஓகேவா?”

“எட்டு கூட்டல் எட்டுன்னு போட்டிருக்கு பாரு. நிஜ ரேம் எட்டுதான். மிச்சம் எட்டு ஸ்டோரேஜ்லேர்ந்து எடுத்துக்கிறது. அந்த வேகம் வராது.”

“டூ ஃபிஃப்டி சிக்ஸ்?”

“அதுதான் ஸ்டோரேஜ். போட்டோ, ஆப் எல்லாம் வைக்கிற இடம். போனோட சிஸ்டமே அதுல கொஞ்சம் பிடிச்சுக்கும்.”

“பேட்டரிக்கு ரெண்டு நம்பர் இருக்கே, ஏமாத்துறாங்களா?”

“இல்ல. சின்ன நம்பர் குறைஞ்சபட்சம், பெரிய நம்பர் சராசரி.”

படத்தில், லேபிளின் வாரண்டி வரியின் மேல் ‘ஓராண்டு வாரண்டி’ என்று கடையின் ஸ்டிக்கர் பளபளத்தது. அதை உரித்துப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏமாந்துவிடுவாளோ என்ற பயத்தில் புத்தி குறுக்கே ஓடியது. “பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே வாரண்டி கார்டைப் பாரு” என்றேன்.

பத்து நிமிடத்தில் அழுகையோடு அழைத்தாள். கார்டில், இந்தியாவில் மட்டுமே செல்லும் என்று இருந்ததாம். ஸ்டிக்கரை உரித்தால் அடியிலும் அதே வரி. வேண்டாம் என்றதற்கு, பெட்டியின் சீல் உடைந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றாராம் கடை ஊழியர். விற்பனைப் படிவம் நிரப்புவதாகச் சொல்லி வாங்கிய அவளுடைய அடையாள அட்டை, ஐசி, அவர் கையில்.

உடனே ரயிலேறினேன். கடைக்குள் நுழைந்தபோது அவர் ஐசியை விசிறிபோல ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்கதானே திறக்கச் சொன்னீங்க? இப்ப இதை யாரு வாங்குவாங்க அக்கா?”

“அடியில இருக்கிறதை ஏன் மூடினீங்க?”

“மூடலக்கா. அலங்காரம்.”

என் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டு சிரித்தார். அவர்மேல் மட்டுமல்ல, பெட்டியைத் திறக்கச் சொன்ன என் வாய்மேலும் அருவருப்பு வந்தது. போலீஸுக்குப் போன் போடுகிறேன் என்றேன். கைப்பேசியை எடுத்தும் விட்டேன். அவர் முகம் மாறி, யாரையோ அழைத்தார்.

கால்மணி நேரத்தில் முதலாளி வந்தார். தேநீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்று விரலில் தொங்கியது. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐசியைப் பிடுங்கி மகள் முன் போட்டுவிட்டு, ஊழியரிடம் சொன்னார்:

“இதுக்கா என்னைக் கூப்பிட்ட? டிராயர்ல புது சீல் ஒரு ரோலே கெடக்குல்ல. எடுத்து ஒட்டு லா.”